நூறு ஷாட், நாற்பத்திரண்டு வாரம்

பத்து நிமிட அனிமேஷன் படம் ஒன்றைத் தனியாளாகச் செய்து முடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதில் எத்தனை ஷாட் என்பதைத்தான். பெரும்பாலும் அவர்களிடம் பதில் இருப்பதில்லை. நிமிடம் என்பது பார்ப்பவருக்கான அளவு. ஒரு நிமிடத்தில் கிழவர் ஒருவர் கடலைப் பார்த்தபடி நிற்கலாம்; இன்னொரு நிமிடத்தில் இருபது பேர் மழைக்கு முன்னால் ஓடலாம். திரையில் இரண்டும் ஒரே நீளம். மேசையில் ஒன்று நாலு நாள் வேலை, மற்றது நாற்பது நாள் வேலை.

முழுக்கக் கையால் வரைந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. திரைப்படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பது அனிமேஷனில் நெடுநாள் வழக்கம். அப்படிச் செய்தால் நொடிக்கு 12 படம் போதும். 600 நொடிக்கு 7,200 படம். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும் வரைவதற்கு மட்டும் 1,800 மணி நேரம் ஆகிறது. வண்ணம், பின்னணி, குரல், ஒலி எதுவும் இதில் சேரவில்லை. தனியாள் ஒருவர் இந்த வழியில் போகக்கூடாது என்பதல்ல. போகிறவர் இரண்டு மூன்று வருடத்தைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். மற்ற எல்லோருக்கும் கலப்பு முறைதான்: வெட்டி இணைத்த பொம்மைபோல் மூட்டுகளில் அசையும் ரிக், தேவையான இடத்தில் மட்டும் கைவரைவு, மீதிக்கு அசையாத ஓவியமும் கேமரா நகர்வும்.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் கதை தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிறது. சீசன் முடியப்போகும் நேரம். அன்று இரவு மழை வரும் என்று தாத்தாவுக்குத் தெரிகிறது. பாத்திகளில் வாரிக் குவித்த அம்பாரம் மூடப்படாமல் கிடக்கிறது. பேத்தியும் தாத்தாவும் விடிவதற்குள் அதைப் பனையோலையால் மூட வேண்டும். உப்பு வாங்கும் வியாபாரி நடுவில் வந்து விலை பேசுகிறார். இவ்வளவுதான் கதை. பத்து நிமிடத்தில் பெயர்ப்பலகைக்கும் நன்றிப் பட்டியலுக்கும் ஒரு நிமிடம் போக, அனிமேஷன் செய்ய வேண்டியது ஒன்பது நிமிடம், அதாவது 540 நொடி.

திட்டம் எழுத உட்காரும் முன் அனிமேட்டிக் முடிந்திருக்க வேண்டும். ஸ்டோரிபோர்டின் கோட்டுப் படங்களை அந்தந்த நேர அளவுக்கு அடுக்கி, சொந்தக் குரலிலேயே வசனத்தைப் பேசிச் சேர்த்த பத்து நிமிட வீடியோதான் அனிமேட்டிக். திரைக்கதையைப் படித்துப் போடும் கால அட்டவணையில் எனக்கு நம்பிக்கை இல்லை. “தாத்தா அம்பாரத்தை மூடுகிறார்” என்பது தாளில் ஒரு வரி. அது ஒரு ஷாட்டா, ஒன்பது ஷாட்டா என்பது அனிமேட்டிக்கில்தான் தெரிய வரும். உப்பளக் கதையின் அனிமேட்டிக்கை முதலில் வெட்டிப் பார்த்தபோது ஷாட் ஒன்றுக்குச் சராசரி ஐந்து நொடி, ஆக மொத்தம் 108 ஷாட்.

இந்த 108 ஷாட்டையும் ஒரு விரிதாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எளிது, நடுத்தரம், கடினம் என்று குறிக்கிறேன். எளிதில் வருபவை: உப்பளத்தின் அகலக் காட்சி, வானம், முதுகுப் பக்கமிருந்து தெரியும் தாத்தா, உப்பை இழுக்கும் மரப்பலகையின் அண்மைக் காட்சி. நடுத்தரம் என்பது ரிக் வைத்துச் செய்யும் பேச்சும் சின்ன அசைவும். கடினம் என்றால் ரிக் உதவாத ஷாட்: கூடையைத் தலைக்குத் தூக்குவது, ஓலைக் கட்டு காற்றில் பறப்பது, இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்து இழுப்பது, உடல் முழுதும் திரும்புவது. இவற்றைக் கையால்தான் வரைய முடியும். உப்பளக் கதையில் எளிது 40, நடுத்தரம் 50, கடினம் 18.

அடுத்து ஒவ்வொரு வகைக்கும் எத்தனை மணி நேரம் என்று போட வேண்டும். இங்கே ஊகம் கூடாது, அளந்துதான் எழுத வேண்டும். வகைக்கு ஒன்றாக மூன்று ஷாட்டை எடுத்து, படத்தில் வரப்போகும் தரத்திலேயே, வண்ணமும் பின்னணியும் சேர்த்து, இறுதி ஃபைல் வெளியே வரும்வரை செய்து பார்க்கிறேன். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபைலைத் திறக்கும் நேரம், தவறான லேயரில் வரைந்துவிட்டு அழிக்கும் நேரம், ரெண்டர் ஆகக் காத்திருக்கும் நேரம் எல்லாம் கணக்கில் வரும். பலரும் பேனா ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். பேனா ஓடாத நேரம் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. முதல் ஷாட் எப்போதும் மெதுவாகத்தான் நகரும் என்பதால், வகைக்கு இரண்டு செய்து இரண்டாவதை அளவாக எடுப்பது இன்னும் நியாயம். என் கையின் வேகத்தில் எளிய ஷாட்டுக்கு 3 மணி, நடுத்தரத்துக்கு 7, கடினத்துக்கு 18. இன்னொருவர் கைக்கு இந்த எண்கள் பொருந்தாது. ஆனால் எளிதுக்கும் கடினத்துக்கும் நடுவே ஐந்தாறு மடங்கு இடைவெளி யாருக்கும் இருக்கும்.

பெருக்கிப் பார்த்தால் 120, 350, 324. மொத்தம் 794 மணி. இதில் நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கும் இடம் அந்த 324. ஷாட்டுகளில் ஆறில் ஒரு பங்குதான் கடினம், ஆனால் அது நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்கிறது. படம் எங்கே தாமதமாகும் என்பதை இந்த ஒரு எண் வேலை தொடங்கும் முன்பே காட்டிவிடுகிறது.

மற்ற வேலைகள்: திரைக்கதையும் ஸ்டோரிபோர்டும் அனிமேட்டிக்கும் 120 மணி. தாத்தா, பேத்தி, வியாபாரி மூவரையும் வடிவமைத்து ரிக் கட்ட ஆளுக்கு 35 வீதம் 105. இருபத்திரண்டு பின்னணிக்கு ஒவ்வொன்றும் 5 மணியாக 110. ஷாட்டுகளை அடுக்கி ஒளி சேர்க்கும் காம்போசிட்டிங்குக்கு ஷாட்டுக்கு முக்கால் மணியாக 81. குரல்பதிவு, வசனத்தை நறுக்குதல், காலடி, ஓலைச் சரசரப்பு போன்ற ஃபோலி எல்லாம் 60. இறுதித் தொகுப்பும் சப்டைட்டிலும் 30. எல்லாம் சேர்ந்து 1,300 மணி.

அதன் மேல் பதினைந்து சதவீதத்தைத் திருத்தத்துக்கு என்று வைக்கிறேன். தனியாளுக்கு வாடிக்கையாளர் இல்லையே, யார் திருத்தம் சொல்லப் போகிறார்கள் என்று கேட்கலாம். படமே சொல்லும். ஷாட்டுகளை ஒட்டி ஓட விடும்போதுதான் கூடை வலக்கையிலிருந்து இடக்கைக்குத் தாவியிருப்பது தெரியும். மூன்றாம் மாதத்தில் வரைந்த பேத்தியின் முகமும் ஏழாம் மாதத்தில் வரைந்த முகமும் அக்கா தங்கைபோல் இருக்கும். இது கட்டாயம் நடக்கும் வேலை, எதிர்பாராத செலவில் இதைச் சேர்க்கக் கூடாது. ஆகக் கூட்டல் ஏறக்குறைய 1,500 மணி.

இனி கையில் இருக்கும் நேரம். முழுநேரமாக இதிலேயே உட்கார்ந்தாலும் நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆக வாரம் 30 மணி. ஒரு வாரம் அறுபது மணி வரைந்துவிடலாம், நாற்பது வாரம் வரைய முடியாது. மணிக்கட்டும் கண்ணும் விடாது. இந்தப் படத்துக்கு நான் நினைத்திருந்த ஒன்பது மாதத்தில் 39 வாரம் இருக்கிறது. அதில் தீபாவளி, பொங்கல், ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம், கணினி பழுதாகி நிற்கும் நாட்கள் என்று நாலு வாரத்தைக் கழித்தால் 35 வாரம், 1,050 மணி. தேவை 1,500. வேலைக்குப் போய்க்கொண்டு இரவிலும் ஞாயிறன்றும் மட்டும் செய்பவருக்கு வாரம் 14 மணி கிடைத்தால் பெரிய விஷயம். அவருக்கு இதே படம் இரண்டு வருடத்துக்கு மேல்.

450 மணி பற்றவில்லை. இந்த இடத்தில் “வேகமாகச் செய்துவிடலாம்” என்று தோன்றும். அளந்து எடுத்த வேகத்தை ஆசையால் கூட்ட முடியாது. குறைக்க வேண்டியது படத்தின் சுமையை, அதையும் அனிமேட்டிக் கோட்டுப் படமாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். கோட்டுப் படத்தில் ஒரு ஷாட்டை மாற்றப் பத்து நிமிடம் போதும். வரைந்து வண்ணம் தீட்டிய பிறகு அதை எறிந்தால் பதினெட்டு மணி நேரம் போய்விடும்.

தொலைக்காட்சிக்காக வாராவாரம் அனிமேஷன் செய்ய முனைந்தவர்களுக்கும் இதே நெருக்கடி இருந்தது. 1963-இல் ஒசாமு தெசுகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரைத் தொடங்கியபோது ஒரே படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினார். அசையாத படத்தின் மேல் கேமராவை நகர்த்தினார். ஒரு அத்தியாயத்தில் வரைந்த அசைவுகளைச் சேமித்து வைத்து வேறு அத்தியாயங்களில் மறுபடி எடுத்தாண்டார். ஜப்பானில் அந்தச் சேமிப்புக்கு ‘பேங்க்’ என்றே பெயர். லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் 2019-இல் வெளியிட்ட ‘அவே’ படத்தைத் தனியாளாகவே செய்தார். அது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நீளும் முழுப்படம். அதில் வசனமே கிடையாது. வாயசைப்பு என்ற ஒரு துறையே அந்தப் படத்தின் அட்டவணையில் இல்லாமல் போனது. இருவரிடமும் நான் கற்றுக்கொண்டது, சிக்கனத்தைக் கதை சொல்லும் முறைக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பது.

உப்பளக் கதைக்கு வருகிறேன். பதினெட்டுக் கடின ஷாட்டில் ஒன்பது, மழைக்கு முன் அம்பாரத்தை மூடும் அந்த ஒரே காட்சியில் இருந்தன. காற்றில் ஓலை பறக்கிறது, தாத்தா தாவிப் பிடிக்கிறார், பேத்தி சறுக்கி விழுந்து எழுகிறாள். அனிமேட்டிக்கை ஒலியை மட்டும் கேட்டபடி ஓட்டிப் பார்த்தேன். காற்று, ஓலைச் சத்தம், “பிடி தாயி, பிடி” என்ற தாத்தாவின் குரல். காட்சியின் பதற்றத்தில் பாதி காதிலேயே இருந்தது. அதனால் கேமராவைப் பேத்தியின் கைகளுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனேன். ஓலையின் நுனியைப் பிடித்த இரண்டு கை, அது வழுக்கி நழுவுவது, மறுபடி பிடிப்பது. முழு உடலும் தெரியும் ஷாட் ஒன்றே ஒன்று, காட்சியின் முடிவில், மின்னல் வெட்டும்போது கறுப்பு நிழலுருவாக. மின்னல் வெளிச்சத்தில் நிழலுருவுக்கு உள்கோடு வேண்டாம், வண்ணம் வேண்டாம். இந்த மாற்றத்தில் காட்சி வலுத்தது என்றே நினைக்கிறேன். முன்பு பார்வையாளர் தூரத்திலிருந்து ஒரு போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஓலையை அவரே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மற்ற காட்சிகளிலும் இப்படியே போனதில் கடின ஷாட்டுகளில் நாலை எடுத்துவிட்டேன், ஆறு நடுத்தரமாக மாறின, எட்டு மிஞ்சின. அந்த எட்டில் கை வைக்கவில்லை. தாத்தா கூடையைத் தலைக்குத் தூக்கும் ஷாட் அதில் ஒன்று. அவருடைய வயது, முதுகு, பழக்கம் எல்லாம் அந்த ஒரு அசைவில் இருக்கிறது. அதைச் சுருக்கினால் இந்தப் படத்தை எடுக்கவே வேண்டாம். சிக்கனம் செய்வது இப்படிப்பட்ட எட்டு ஷாட்டுக்கு நேரம் ஒதுக்கத்தான்.

பேச்சுக் காட்சிகளில் இன்னொரு வழி இருந்தது. வியாபாரி நேரில் வர வேண்டியதில்லை. அவர் செல்போனில் பேசட்டும். ஒரு பாத்திரத்தின் வடிவமைப்பும் ரிக்கும் அப்படியே மிச்சம். நேரில் நின்று விலை பேசும் ஆளைவிட, இருட்டில் போனுக்குள்ளிருந்து வரும் குரல் அந்த இரவுக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. தாத்தா நீளமாகப் பேசும் இடங்களில் கேமராவை அவருடைய முதுகுக்குப் பின்னால் வைத்தேன், அல்லது அவர் பேச்சைக் கேட்கும் பேத்தியின் முகத்தில் வைத்தேன். பதினாலு நடுத்தர ஷாட் எளியதாயின, நாலு தேவைப்படாமல் போயின. பின்னணிகள் 22-லிருந்து 14 ஆயின. உப்பளம் இதற்கு இடம் கொடுக்கும் ஊர்: வெள்ளைப் பாத்தி, வரப்பு, தூரத்தில் அம்பாரம். ஒரே ஓவியத்தை இரவு நீலத்திலும் விடிகாலைச் சாம்பலிலும் வண்ணம் மாற்றி எடுத்தால் இரண்டு இடமாகத் தெரியும்.

வாயசைப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புத்தகங்களில் கிடைக்கும் வாய்ப்பட அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளுக்கு வரைந்தவை. தமிழுக்கு நான் ஏழு வாய் வைத்துக்கொள்கிறேன்: உதடு மூடிய ம-ப, அகலத் திறந்த ஆ, பாதி திறந்த அ-எ, பல் தெரியும் இ-ஈ, குவிந்த உ-ஊ, வட்டமான ஒ-ஓ, கீழுதடு பல்லில் தொடும் வ. நெடிலுக்கு வாயை நிறுத்த வேண்டும், குறிலுக்குத் தொட்டுவிட்டு நகர வேண்டும். அதைக் கவனித்தால் ஏழே போதும். அதற்கு மேல் வரைவது எட்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு எளிது 54, நடுத்தரம் 38, கடினம் 8. சரியாக நூறு ஷாட். ஒன்பது நிமிடத்தைக் குறைக்கவில்லை. ஷாட்டின் சராசரி நீளம்தான் ஐந்து நொடியிலிருந்து ஐந்தரை நொடியை நெருங்கியது. அனிமேஷன் 572 மணி ஆனது. மற்ற வேலைகளும் சுருங்கி, திருத்தத்துக்கான பதினைந்து சதவீதத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,150 மணி. 1,050-க்குள் இன்னும் அடங்கவில்லை. இதற்குமேல் வெட்டினால் அந்த எட்டில் கைவைக்க வேண்டும். அதனால் தேதியைத் தள்ளினேன். வாரம் 30 மணி வீதம் 38 வாரம் சொச்சம், கழியும் நாலு வாரத்தோடு 42 வாரம். ஒன்பது மாதம் என்று நினைத்த படத்துக்குப் பத்து மாதம் என்று எழுதிக்கொண்டேன். முதல் நாளிலேயே இதை எழுதிக்கொள்வதும் எட்டாம் மாதத்தில் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல. குரல் கலைஞருக்கும் இசையமைப்பாளருக்கும் தேதி சொல்லியாக வேண்டும். அவர்களுக்கும் வேறு வேலை இருக்கிறது.

ஷாட்டுகளைக் கதையின் வரிசையில் செய்வதில்லை. கதையின் நடுப்பகுதியிலிருக்கும் நடுத்தர ஷாட்டுகளில் தொடங்குகிறேன். ரிக்கின் குறைகள் முதல் பத்து ஷாட்டில் வெளிப்படும்; முழங்கை எங்கே பிதுங்குகிறது, முக்கால் பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்குத் திரும்பும்போது மூக்கு எங்கே குதிக்கிறது என்பது தெரியும். படத்தின் முதல் அரை நிமிடத்தை அந்த நிலையில் வரையக்கூடாது, ஏனெனில் பார்ப்பவர் இருப்பதா எழுவதா என்று முடிவு செய்வது அங்கேதான். கை பழகிய மூன்றாவது நாலாவது மாதங்களில் கடினமானவை. களைப்பு சேர்ந்திருக்கும் கடைசி வாரங்களுக்கு எளியவை. தொடக்கக் காட்சியை அனிமேஷனின் பின்பாதியில், ஆனால் இறுதி நெருக்கடிக்கு முன்பே முடித்துவிடுவேன்.

இனி பணம். தனியாளின் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது மென்பொருளும் அல்ல, கணினியும் அல்ல. பத்து மாதம் சாப்பிட ஆகும் செலவு. வாடகை, மளிகை, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய் என்று வைத்தால் 3,00,000. இந்த வரியை விட்டுவிட்டுப் போடும் பட்ஜெட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்; அந்தப் படங்கள் ஆறாவது மாதத்தில் ஒரு திருமண வீடியோ வேலைக்காக நிற்கின்றன, பிறகு எழுவதில்லை. இந்த வரியால் இன்னொரு பயனும் உண்டு. 3,00,000-ஐ 1,150 மணியால் வகுத்தால் என் ஒரு மணிக்கு ஏறக்குறைய 260 ரூபாய். ஒரு கடின ஷாட்டின் விலை 4,700 ரூபாய் என்று அதிலிருந்து தெரிகிறது. எதை நானே செய்வது, எதை வெளியே கொடுப்பது என்று அப்போது உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுக்கலாம்.

கடின ஷாட்டுகளுக்கு வண்ணம் நிரப்ப ஒரு உதவியாளரை வைக்கலாமா என்று பார்த்தேன். ஷாட்டுக்கு ஐந்து மணி நேரம் மிச்சம், என் கணக்கில் 1,300 ரூபாய். அவருக்கு 1,500 கொடுத்து, ஃபைல் அனுப்பி, வாங்கிச் சரிபார்க்க ஒரு மணியும் போனால் நட்டம்தான். நானே நிரப்பிக்கொள்கிறேன். ஆனால் ஒலிக் கலவையை, அதாவது இறுதி மிக்ஸிங்கை, நான் செய்யமாட்டேன். கற்றுக்கொள்ளவே அறுபது மணிக்கு மேல் போகும், அதன் பிறகும் தியேட்டர் ஒலிபெருக்கியில் வசனம் காற்றில் மூழ்கும். அதற்கு 20,000 ரூபாய் ஒதுக்குவது மலிவு.

கையை விட்டுப் போகும் பணத்தில் பெரும்பகுதி காதுக்குத்தான். மூன்று குரல்களுக்கும் 24,000, பதிவு அறைக்கு 4,000, நாலு நிமிட அளவுக்கு இசை எழுதி வாசித்துத் தர 40,000, மிக்ஸிங் 20,000: மொத்தம் 88,000. மற்றவை எல்லாம் சேர்ந்து 52,000 தான்: இரண்டு ஹார்ட் டிஸ்க், பேனா முனையும் பழுதும், மின்சாரமும் இணையமும், உப்பளத்துக்குப் போய் ஒலியும் படமும் எடுத்துவர, விழாக்களின் நுழைவுக் கட்டணம். வரைவதற்கு பிளெண்டர், கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. தரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. பத்து சதவீதக் கூடுதலோடு கையிலிருந்து போவது 1,54,000. சாப்பாட்டோடு 4,54,000.

பணம் எப்போது போகிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். குரல் கலைஞர்களுக்கு இரண்டாம் மாதத்தில், ஏனெனில் குரல் பதிவான பிறகுதான் வாயசைக்க முடியும். இசைக்கும் மிக்ஸிங்குக்கும் எட்டாம் மாதத்துக்கு மேல். பணப்பை மிகவும் மெலிந்திருக்கும் நேரம் அது. அப்போது இசைப் பணம் வாடகைக்குப் போய்விடும், படம் இலவச இசைக் களஞ்சியத்திலிருந்து எடுத்த கித்தாரோடு வெளியாகும். அதனால் அந்த 60,000-ஐ முதல் மாதமே வேறு கணக்கில் போட்டுவிடுகிறேன்.

தாத்தாவின் ரேடியோவில் ஒரு பழைய சினிமாப் பாட்டு மெல்லக் கேட்டால் நன்றாக இருக்குமே என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் ஆசைதான். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 வருடத்தில் முடிகிறது. 1950-களின் இசைத்தட்டு என்றால் அந்த உரிமை முடிந்துவிட்டது. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த பிறகு 60 வருடம் தொடர்கிறது. தட்டு பொதுச் சொத்தாகியிருக்கும், பாட்டு பெரும்பாலும் ஆகியிருக்காது. அமெரிக்காவில் நினா பேலி இதே சிக்கலை அனுபவித்தார். சீதையின் கதையை 1920-களின் அனெட் ஹான்ஷா பாட்டுகளோடு இணைத்து, ஏறக்குறைய தனியாளாக ஐந்து வருடம் உழைத்து 2008-இல் ‘சீதா சிங்ஸ் த ப்ளூஸ்’ படத்தை முடித்தார். ஒலிப்பதிவுகளுக்குத் தடை இல்லை, பாடல்களுக்கு இருந்தது. முதலில் அவரிடம் கேட்ட தொகை ஏறக்குறைய 2,20,000 டாலர்; பேசிப் பேசி 50,000 டாலருக்கு இறங்கியது. அவருடைய படம் முழுவதும் அந்தப் பாட்டுகளின் மேல் நின்றது, அவருக்கு வேறு வழி இல்லை. என் கதையில் பாட்டு ஒரு அலங்காரம். ரேடியோவில் வானிலை அறிக்கை போகட்டும் என்று எழுதிவிட்டேன். கதைக்கும் அதுதான் வேண்டும்.

வேலை ஓடத் தொடங்கிய பிறகு திட்டம் நழுவுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “அறுபது சதவீதம் முடிந்தது” என்ற பேச்சை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதன் திட்ட மணியையே புள்ளியாக வைக்கிறேன்: எளிதுக்கு 3, நடுத்தரத்துக்கு 7, கடினத்துக்கு 18. முழுதும் முடிந்த ஷாட்டுக்கு மட்டுமே புள்ளி; பாதி முடிந்ததற்குப் பூஜ்யம். வாரத்துக்கு 30 புள்ளி வர வேண்டும், அதாவது ஒரு கடினம், ஒரு நடுத்தரம், ஒன்றிரண்டு எளிது. ஒரு வாரம் குறைவதைப் பொருட்படுத்துவதில்லை. நாலு வாரத்தின் கூட்டல் 120-க்குப் பதில் நூறுக்குக் கீழே போனால் அளவீடு தவறு என்று அர்த்தம், மறுபடி கணக்குப் போட வேண்டும். முக்கியமான இன்னொரு அறிகுறி: ஆரம்பித்து முடிக்காத ஷாட்டுகள் ஐந்துக்கு மேல் சேர்வது. பிடிக்காத ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததைத் திறந்திருக்கிறோம் என்பது அதன் பொருள். அந்த ஷாட்டை அன்றே எளிதாக்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

நழுவும்போது எதை வெட்டுவது என்பதை அந்த நேரத்தில் முடிவு செய்யக்கூடாது. களைத்த மனது கண்ணில் முதலில் படுவதை வெட்டும். அனிமேட்டிக் முடிந்த அன்றே, படம் முழுதாகக் கண்ணில் இருக்கும்போது, இல்லாமலும் கதை நிற்கக்கூடிய பன்னிரண்டு ஷாட்டுகளை வரிசைப்படுத்தி எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது போனால் முந்தைய ஷாட்டை எத்தனை நொடி நீட்டுவது, எந்த ஒலி அந்த இடத்தைத் தாங்கும் என்ற குறிப்பும் இருக்கும். உப்பளக் கதையில் அந்தப் பட்டியலின் முதல் வரி, பேத்தி வரப்பில் ஓடி வரும் நடுத்தர ஷாட். 7 மணி. அது போனால் தாத்தாவின் முதுகு தெரியும் முந்தைய ஷாட்டை நாலு நொடி நீட்டி, ஈர வரப்பில் ஓடிவரும் காலடி ஓசையைத் திரைக்கு வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். அவர் தலை லேசாகத் திரும்பினால் போதும். அந்தத் திருப்பத்துக்கான மூன்று படங்களை ரிக் கட்டும் வாரத்திலேயே வரைந்து வைத்திருக்கிறேன்.